டிஸ்க் பிதுங்குவது பின்பக்கம், இறுகுவது முன்பக்கம்

கேள்வி: எனக்கு 38 வயது. பெருங்குடியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை. இரண்டு மாதமாகத் தொண்டையைச் சுற்றிக் கயிறு கட்டியது போல ஓர் இறுக்கம். எச்சில் விழுங்கும்போதுதான் அதிகம். சாதம், சப்பாத்தி எல்லாம் இறங்கிவிடுகிறது. கழுத்தின் பின்பக்கமும் வலது தோளும் வலிக்கின்றன. இ.என்.டி. டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார். எலும்பு டாக்டர் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் சி5-சி6 டிஸ்க் பல்ஜ், கழுத்து வளைவு குறைவு என்று வந்திருக்கிறது. அந்த ஜவ்வுதான் தொண்டையை அழுத்துகிறதா? கேன்சராக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. கழுத்துப் பட்டை போடலாமா? வலி தாங்காத நாளில் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன்.
– வாசகி, வேளச்சேரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். தொண்டையிலோ உணவுக்குழாயிலோ கட்டி வளர்ந்தால் அது சாப்பாட்டைத்தான் மறிக்கும். முதலில் பரோட்டா, சப்பாத்தி, கறித்துண்டு நிற்கும். சில வாரம் கழித்துச் சாதமும் இட்லியும் நிற்கும், கடைசியில் கஞ்சியும் தண்ணீரும். கூடவே எடையும் இறங்கிக்கொண்டே வரும். உங்களுக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. கெட்டியான உணவு தடையில்லாமல் போகிறது, வாயில் ஒன்றுமே இல்லாமல் எச்சிலை விழுங்கும்போது இறுகுகிறது. கேமராவும் நாக்கின் அடிப்பகுதியையும் குரல்வளையையும் பார்த்துவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கேன்சருக்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஒன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: மூக்கு வழியாக விடும் அந்தக் கேமரா குரல்வளை மட்டத்தோடு நின்றுவிடும், உணவுக்குழாய்க்குள் இறங்காது. பின்னால் எப்போதாவது சாப்பாடு சிக்குகிற மாதிரி ஆனால், இ.என்.டி.யில் நார்மல் என்று சொன்னார்களே என்று இருந்துவிடக் கூடாது. அப்போது வாய் வழியாக எண்டோஸ்கோப்பி செய்துதான் பார்க்க வேண்டும்.

இனி அந்த ஜவ்வு. அது உங்கள் தொண்டையை அழுத்தவில்லை. கழுத்தை முன்னாலிருந்து பின்னால் வரை வரிசையாக நினைத்துப் பாருங்கள். முதலில் தோல், அதன் கீழே பட்டை பட்டையாக மெல்லிய தசைகள், பிறகு மூச்சுக்குழாய், அதன் பின்னால் உணவுக்குழாய். அதற்கும் பின்னால் எலும்பை ஒட்டினாற்போல ஒரு மெல்லிய தசை, அப்புறம்தான் கழுத்தெலும்பும் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கும். தண்டுவடம் டிஸ்க்குக்கும் பின்னால். டிஸ்க் பிதுங்கும்போது பெரும்பாலும் பின்பக்கமாகத் தண்டுவடத்தை நோக்கியோ, பின்பக்க ஓரமாக நரம்பு வெளியே வரும் இடத்தை நோக்கியோதான் பிதுங்கும். முன்பக்கம் அகலமான, உறுதியான ஒரு தசைநார்ப் பட்டை அதைத் தடுத்து நிற்கிறது. உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், பல்ஜ் என்ற சொல்லுக்கு முன்னால் அநேகமாக ‘போஸ்டீரியர்’ என்று இருக்கும். பின்பக்கமாக என்று பொருள். சி5-சி6 டிஸ்க் தொந்தரவு செய்தால் தோளிலிருந்து கை வழியாகக் கட்டை விரல், ஆள்காட்டி விரல் வரை வலியோ மரத்துப்போவதோ வரும். அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை.

முப்பதைத் தாண்டியவர்களை வரிசையாக நிற்கவைத்து எம்.ஆர்.ஐ. எடுத்தால், கழுத்தில் எந்த வலியும் இல்லாத பலருக்கும் ஏதாவது ஒரு டிஸ்க்கில் சின்னப் பிதுக்கம் தெரியும். வளைவு குறைந்திருப்பதும் அப்படித்தான். தசை இறுகியிருந்தால் வளைவு நேராகும், மெஷினுக்குள் படுக்கவைத்த விதத்தாலும் நேராகத் தெரியும். அதை நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் இறுகுவது எது? ஒரு விரலைத் தொண்டைக் குமிழின் மேல் மெதுவாக வைத்து, ஒரு வாய் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். குமிழ் மேலே எழும்பி, உடனே இறங்கும். அதற்குச் சற்று மேலே, தாடையின் கீழ், லாட வடிவத்தில் ஹயாய்டு என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. உடம்பில் மற்ற எலும்புகள் எல்லாம் ஏதாவது ஓர் எலும்போடு மூட்டாகச் சேர்ந்திருக்கும். இது எதனோடும் மூட்டாகச் சேரவில்லை. ஊஞ்சல் பலகை போலத் தசைகளில் தொங்குகிறது, மேலும் கீழும் இரண்டு பக்கமும் கட்டப்பட்ட ஊஞ்சல். மேல்பக்கத் தசைகள் தாடையிலிருந்தும் காதின் பின்புற மண்டை எலும்பிலிருந்தும் வருகின்றன. கீழ்ப்பக்கத் தசைகள் பெரும்பாலும் நெஞ்செலும்புப் பக்கமிருந்து வருகின்றன. அவற்றில் ஒன்று எங்கிருந்து கிளம்புகிறது என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். தோள்பட்டையின் பின்பக்கத் தட்டை எலும்பிலிருந்து. ஓமோஹயாய்டு என்று பெயர். முதுகுப்பக்கத்தில் கிளம்பி, காலர் எலும்பின் பின்னால் நுழைந்து, கழுத்தின் பக்கத்துப் பெரிய தசைக்கு அடியில் திரும்பி, ஹயாய்டில் வந்து சேர்கிறது. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் இந்த எலும்பு மேலேயும் முன்னேயும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகர வேண்டும். கீழ்ப்பக்கத் தசைகள் விறைத்துப்போயிருந்தால் அது ஏறும்போதே கீழே இழுபடும். அந்த இழுவையைத்தான் நீங்கள் கயிறு என்கிறீர்கள். வலது தோள் வலியும் தொண்டை இறுக்கமும் உங்களுக்கு ஒன்றாக வந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

லேப்டாப் முன்னால் நாம் எப்படி உட்கார்கிறோம் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் லேப்டாப் இருந்தால் திரை கண்ணுக்கு வெகு கீழே இருக்கும். முதுகு கூனும், தலை உடம்புக்கு முன்னால் நீளும், திரையைப் பார்ப்பதற்காக முகவாய் லேசாக மேலே தூக்கும். அந்த நிலையில் கழுத்தின் முன்பக்கத் தசைகள் மணிக்கணக்காக இழுபட்டே நிற்கின்றன. இப்போதே சோதித்துப் பார்க்கலாம். தலையை ஆமை மாதிரி முன்னால் நீட்டி, முகவாயைச் சற்று உயர்த்தி எச்சில் விழுங்குங்கள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயை லேசாக உள்ளே வாங்கி விழுங்குங்கள். இரண்டாவது முறை கொஞ்சமாவது இலகுவாக இருந்தால் காரணம் கழுத்துத் தசை என்பதற்கு அது நல்ல அடையாளம். தலையை முழுக்க அண்ணாந்து விழுங்கினால் யாருக்குமே கஷ்டம்தான், அதை வைத்துப் பயப்பட வேண்டாம்.

நம் வீடுகளில் சொம்பையும் பாட்டிலையும் வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பது பழக்கம். கழுத்து சரியாக இருக்கும்போது அது ஒன்றும் செய்யாது. இறுகிய கழுத்தோடு அப்படிக் குடித்தால் தண்ணீர் நடுவில் நிற்பது போல இருக்கும், புரையேறும், பயம் இன்னும் கூடும். கொஞ்ச நாளைக்கு டம்ளரில் வாய் வைத்து, தலையை நேராக வைத்துக் குடியுங்கள். மாத்திரையை விழுங்கும்போதும் தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள்.

எச்சிலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு? வாயில் எதுவும் இல்லாமல் தொடர்ந்து ஐந்து தடவை விழுங்க முயலுங்கள். மூன்றாவதிலேயே எச்சில் தீர்ந்துவிடும். நான்காவது, ஐந்தாவது தடவையில் தொண்டை பிடித்துக்கொள்ளும். எனக்கும் அப்படித்தான், உங்கள் வீட்டில் யாரைச் செய்யச் சொன்னாலும் அப்படித்தான். தொண்டையில் ஏதோ இருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்ததும், இருக்கிறதா என்று பார்க்கவே நாம் அடிக்கடி விழுங்குகிறோம், கனைக்கிறோம். ஒவ்வொரு வறட்டு விழுங்கலும் அதே தசைகளை மறுபடி மறுபடி வேலை வாங்குகிறது. கனைப்பு குரல்வளையை உரசிப் புண்ணாக்குகிறது. கழுத்தில் தொடங்கியது இப்படித் தொண்டையில் தங்கிவிடுகிறது. சாப்பிடும்போது வாய் நிறைய ஈரமான உணவு இருக்கிறது, கவனமும் ருசியில் இருக்கிறது, அதனால் இறுக்கம் தெரிவதில்லை. இது உங்கள் கற்பனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தசையின் இறுக்கம் நிஜம். பயம் அதைக் கூட்டுகிறது, அவ்வளவுதான்.

என்னிடம் வந்த ஒரு பெண்மணியின் கதை உங்களுக்கு உதவும். திருவல்லிக்கேணியில் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர், நாற்பதுகளில் இருக்கிறார். தீபாவளித் துணிகள் குவிந்த சமயத்தில் தொண்டை இறுக ஆரம்பித்தது. காலையில் எழும்போது ஒன்றும் இருக்காது, மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் எச்சில் இறங்காது. மெஷினைத் தொடாத ஞாயிற்றுக்கிழமையில் பாதியாகக் குறையும். இ.என்.டி. பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். அவர் தைக்கும்போது வீட்டில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். ஸ்டூல் தாழ்வாக இருந்தது. ஊசியைப் பார்க்கத் தலை நீண்டு, இடது பக்கம் சாய்ந்து, வலது தோள் காதை நோக்கி ஏறியிருந்தது. அதைவிட முக்கியமான ஒன்று வாயில் இருந்தது: குண்டூசிகள். உதட்டின் நடுவே இரண்டு மூன்று குண்டூசியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி விழாமல் இருக்கத் தாடையையும் உதட்டையும் இறுக்க வேண்டும், நாக்கைப் பின்னுக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். ஹயாய்டைத் தாங்கும் மேல்பக்கத் தசைகள் நாள் முழுவதும் அவருக்கு விறைத்தே இருந்தன.

குண்டூசிக்கு மணிக்கட்டில் கட்டும் சின்னப் பஞ்சணை ஒன்று வாங்கச் சொன்னேன். ஸ்டூலின் மேல் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்தினார்கள், மெஷினுக்கு அடியில் மரக்கட்டை வைத்தார்கள். கீழே சொல்லப்போகும் பயிற்சியையும் செய்தார். முதல் இரண்டு வாரம் பெரிய மாற்றம் இல்லை, சலித்துக்கொண்டார். மூன்றாவது வாரத்திலிருந்து மாலை இறுக்கம் தள்ளிப்போனது. முதலில் இரவு எட்டு மணிக்கு வந்தது, பிறகு வேலை அதிகமான நாளில் மட்டும். பொங்கல் நேரத்தில் சில நாள் திரும்பி வந்து, வேலை குறைந்ததும் போய்விட்டது. திரும்பி வந்தபோது அவர் பயப்படவில்லை, காரணம் தெரிந்திருந்தது.

நீங்களும் ஒரு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டில் குறித்துவையுங்கள். எழுந்தவுடன் எப்படி, மதியம் எப்படி, இரவு எப்படி, ஆபீஸ் நாளில் எப்படி, வீட்டில் வேலை செய்த நாளில் எப்படி. வீட்டு நாளில் அதிகம், காலையில் குறைவு என்று வந்தால் கழுத்தை நம்பி வேலையைத் தொடங்கலாம். அதற்கு மாறாக, படுத்த பிறகும் விடியற்காலையிலும்தான் அதிகம், வாயில் புளிப்பு, காலையில் குரல் கரகரப்பு என்றால், வயிற்று அமிலம் மேலே ஏறுவதை யோசிக்க வேண்டும்.

இந்த இடத்தில் உங்கள் வலி மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் இரைப்பையைக் கெடுக்கும். வாரக்கணக்கில் போட்டால் நெஞ்சு எரிச்சலும் எதுக்களிப்பும் வரும். அந்த அமிலம் தொண்டைக்கு ஏறி இதே இறுக்கத்தைக் கொடுக்கும். தசை தளர்த்தி சேர்ந்த மாத்திரைகளில் சில வாயை உலரவைக்கும், எச்சில் குறைந்தால் விழுங்குவது இன்னும் சிரமம். கழுத்துக்குப் போட்ட மாத்திரையால் தொண்டைத் தொந்தரவு கூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் எழுதிக்கொடுக்காத மாத்திரையை நிறுத்திவிடுங்கள்.

செய்ய வேண்டியதில் முதலாவது மேசை. லேப்டாப்பின் அடியில் கெட்டியான புத்தகங்களை அடுக்கி, திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி உயர்த்துங்கள். தனி கீபோர்டும் மவுஸும் வேண்டும். அது இல்லாமல் லேப்டாப்பை மட்டும் உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும், ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றைக் கெடுத்தது போலாகிவிடும். முழங்கை மேசை மட்டத்தில் இருக்கட்டும், பாதம் தரையில் படட்டும். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசாதீர்கள், இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து சமையலறை வரை போய்வந்தால் போதும்.

அடுத்தது பயிற்சி. ஒன்றே ஒன்று, ஆனால் சரியாகச் செய்ய வேண்டும். பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். உதடு மூடியிருக்கட்டும், பற்கள் ஒன்றோடொன்று படக் கூடாது, நாக்கு நுனி மேலண்ணத்தில் லேசாகத் தொட்டிருக்கட்டும். இப்போது தலையைத் தூக்காமல், ‘சரி’ என்று சொல்வது போல மிக மெதுவாக முகவாயை உள்ளே இறக்குங்கள். அசைவு அரை அங்குலம்கூட இருக்காது. அந்த நிலையில் பத்து விநாடி நிறுத்தி, சாதாரணமாக மூச்சு விட்டு, தளர்த்துங்கள். பத்து முறை, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. இது கழுத்தெலும்பை ஒட்டியிருக்கும் உள்தசைகளை வேலை செய்யவைக்கிறது. அவை தலையைத் தாங்க ஆரம்பித்தால் முன்பக்க மேல்தசைகள் விறைக்க வேண்டிய தேவை குறையும்.

தவறு நடப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பலர் முகவாயைப் பலமாக அழுத்திவிடுவார்கள். பயிற்சியின்போது இரண்டு விரலைக் கழுத்தின் முன்பக்கத்தில் மெதுவாக வைத்துப் பாருங்கள். பக்கத்துத் தசை கயிறு போல எழும்பினாலோ, தொண்டை இறுகினாலோ, நீங்கள் எந்தத் தசைக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமோ அதையே வேலை வாங்குகிறீர்கள். பாதியாகக் குறையுங்கள். ஆரம்பத்தில் பத்து விநாடி முடியாவிட்டால் மூன்று விநாடி போதும், நாளாக ஆகக் கூட்டிக்கொள்ளலாம். செய்யும்போது கையில் மின்சாரம் பாய்ந்தது போல இழுத்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு நேரில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

வலிக்கும் இடத்தில், அதாவது பின்கழுத்திலும் தோளின் மேல்புறத்திலும், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். முன்கழுத்தில் எண்ணெய் போட்டு நீவுவது வேண்டாம். காதுக்குக் கீழே தாடை மடங்கும் மூலைக்குச் சற்றுக் கீழே ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கும் நரம்பு முனைகள் கழுத்துத் தமனியில் இருக்கின்றன. அங்கே பலமாக அழுத்தினால் சிலருக்கு மயக்கம் வந்துவிடும். சலூனிலோ சுளுக்கு எடுப்பவரிடமோ கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பதை நான் யாருக்கும் ஒப்புக்கொள்வதில்லை. அந்தத் திடீர்த் திருப்பலில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் திரும்பப் பெற முடியாத இழப்பு.

எச்சில் பிரச்சினைக்கு ஒரு வழி: விழுங்கிப் பார்க்க வேண்டும் என்று கை அரிக்கிற நேரத்தில் விழுங்காமல், ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். கனைக்கத் தோன்றினாலும் அதே மிடறுதான். பக்கத்தில் எப்போதும் ஒரு டம்ளர் இருக்கட்டும்.

கழுத்துப் பட்டை வேண்டாம். உங்களுக்கு எலும்பு முறிவோ தண்டுவட அழுத்தமோ இல்லை. பட்டையின் முன்விளிம்பு முகவாயைத் தூக்கிப் பிடித்து, தொண்டைக் குமிழ் ஏறும் இடத்தையே அடைக்கும், விழுங்குவது இன்னும் கஷ்டமாகும். வாரக்கணக்கில் போட்டால் தலையைத் தாங்க வேண்டிய தசைகளும் சோம்பிவிடும்.

கழுத்தெலும்பு தொண்டையை ஒருபோதும் அழுத்தாது என்று நான் சொல்லவில்லை. அழுத்தும், ஆனால் அது வேறு ஆட்களுக்கு, வேறு விதமாக. எலும்பின் முன்பக்கத்தில் தேய்மானத்தால் சின்ன முளைகள் வளர்வது வயதானவர்களுக்குச் சாதாரணம். அவற்றில் பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் தருவதில்லை. சிலருக்கு மட்டும், ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்கு, அதிலும் சர்க்கரை நோயும் உடல் பருமனும் உள்ளவர்களுக்கு, முன்பக்கத் தசைநாரே எலும்பாக மாறித் தடித்த பாளமாகப் படர்வதுண்டு. டிஷ் என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஆறாவது கழுத்தெலும்பு மட்டத்தில் உணவுக்குழாய் குரல்வளையின் பின்னால் கட்டுண்டு கிடக்கிறது, முளை தள்ளினால் விலகிப்போக இடமில்லை. அதற்கு மேலே வளர்ந்தால் தொண்டையின் பின்சுவர் புடைத்து நிற்கும். இவர்களுக்கு எச்சில் பிரச்சினையே இல்லை. கெட்டியான உணவும் பெரிய மாத்திரையும்தான் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் சிக்கும், தலையை நிமிர்த்தினால் அதிகமாகும், குனிந்தால் இறங்கும். பக்கவாட்டில் எடுத்த சாதாரணக் கழுத்து எக்ஸ்ரேயிலேயே பாளம் தெரிந்துவிடும். அதுதான் காரணமா என்று உறுதிசெய்ய பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரேயில் விழுங்குவதைப் பார்ப்பார்கள். பலருக்கு உணவை மசித்து, தலையைச் சற்றுக் குனிந்து சாப்பிடுவதே போதும். மூச்சோ சாப்பாடோ தடைபடும் அளவுக்குப் போனால்தான் முளையைச் செதுக்கும் அறுவை சிகிச்சை. உங்கள் வயதுக்கும் உங்கள் எம்.ஆர்.ஐ.க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் அப்பாவோ மாமனாரோ இப்படிச் சொன்னால் கவனியுங்கள்.

இன்னும் இரண்டு பரிசோதனையை இதுவரை செய்யாமல் இருந்தால் செய்துவிடுங்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம், சீக்கிரம் களைப்பு என்றால் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும். நாள்பட்ட இரும்புச்சத்துக் குறைவில் சில பெண்களுக்கு உணவுக்குழாயின் மேல்முனையில் மெல்லிய சவ்வு வளர்ந்து கெட்டியான உணவைத் தடுக்கும். இரண்டாவது தைராய்டு: விழுங்கும்போது கழுத்தின் கீழ்ப்பகுதியில் வீக்கம் ஏறி இறங்குவது கண்ணாடியில் தெரிந்தால், ரத்தப் பரிசோதனையோடு ஒரு ஸ்கேனும் தேவை.

படியேறும்போதோ வேகமாக நடக்கும்போதோ மட்டும் தொண்டையும் தாடையும் இறுகி, நின்றால் விட்டுவிட்டால், அது கழுத்தல்ல, இதயம். அன்றே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஓய்விலும் விடாமல் இறுகினாலோ, வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சலோடு கழுத்தை அசைக்க முடியாமல், எச்சில் விழுங்கவே உயிர் போகிற வலி, வாயில் எச்சில் வழிவது என்றாலும் இரவென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தொண்டைக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கலாம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரப்பு, கழுத்தில் கட்டி, ஒரு பக்கக் காதில் மட்டும் வலி, எச்சிலில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் திரும்ப இ.என்.டி.யைப் பாருங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருப்பவர்கள் இதில் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சட்டைப் பட்டன் போட விரல் தடுமாறினாலோ, நடக்கும்போது கால் பின்னினாலோ அது தண்டுவடத்தின் அறிகுறி. அப்போதுதான் உங்கள் எம்.ஆர்.ஐ.யைத் தூக்கிக்கொண்டு உடனே ஓட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. மேசையையும் பயிற்சியையும் ஆறு வாரம் விடாமல் செய்யுங்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் இறுக்கம் இல்லாத நேரம் நீளத் தொடங்க வேண்டும். ஆறு வாரம் கழிந்தும் நோட்டில் ஒரு மாற்றமும் இல்லையென்றால், கழுத்துதான் காரணம் என்று பிடிவாதமாக இருக்க வேண்டாம். மறுபடி இ.என்.டி. டாக்டரிடம் போய், அமிலம் ஏறுகிறதா, உணவுக்குழாயை எண்டோஸ்கோப்பியில் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். தனியார் மருத்துவமனை கட்டணம் கையைக் கடித்தால், சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவும் உடலியக்க மருத்துவப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. காலை வெளிநோயாளிப் பிரிவு நேரத்திலேயே போய்விடுங்கள், எம்.ஆர்.ஐ. ஃபிலிமையும் அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.